பயிற்சி ஓட்டம் தோற்ற பிறகு பேராசிரியருக்கு எழுதும் கடிதம்

மார்ச் மாதம் வந்தால் என் மேசையில் இரண்டு வகைக் கடிதங்கள் சேரும். ஒன்று, வருகைப்பதிவு குறைந்தவர்கள் கொடுப்பது. இன்னொன்று, இறுதியாண்டு புராஜெக்ட்டை முடிக்க முடியாதவர்கள் கொடுப்பது. ஆழ்கற்றல் எனப்படும் டீப் லேர்னிங்கில் புராஜெக்ட் எடுப்பவர்கள் பெருகிய பிறகு இரண்டாவது அடுக்கு உயர்ந்துவிட்டது. அந்தக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் மிகவும் கடினமாக உழைத்தும் மாடல் சரியாகப் பயிற்சி பெறவில்லை. ஜிபியு கிடைப்பதிலும் சிக்கல் இருந்தது. பலமுறை ஓட்டியும் தோல்வியடைந்தது. எனவே இரண்டு வாரம் கூடுதல் அவகாசம் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்து முடித்ததும் எனக்கு எழும் கேள்விக்கு இதில் பதில் இல்லை. இதுவரை ஓடாத மாடல் அடுத்த இரண்டு வாரத்தில் மட்டும் எப்படி ஓடும்? எது மாறியிருக்கிறது? இரண்டு வாரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

மேலே உள்ள கடிதத்தைக் கொடுத்த குழுவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நான்கு பேர். நெல் இலைப் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் மாடல் அவர்களுடைய புராஜெக்ட். குலை நோய், பாக்டீரியா இலைக்கருகல், பழுப்புப் புள்ளி, துங்ரோ, நலமான இலை என ஐந்து வகை. வகைக்கு 800 வீதம் 4,000 படங்களைத் தாங்களே வயலில் இறங்கிக் கைப்பேசியில் எடுத்திருந்தார்கள். மூன்று மாடல்களை, ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டி ஒப்பிடுவதாக முதல் ரிவ்யூவில் சொல்லியிருந்தார்கள். அறிக்கை ஒப்படைக்க வேண்டிய நாள் மார்ச் 14. அந்தக் கடிதம் என் கைக்கு வந்தது மார்ச் 8. "இரண்டு நாள் கழித்து வேறு கடிதத்தோடு வாருங்கள்" என்று அனுப்பிவைத்தேன். அந்த இரண்டு நாளில் அவர்கள் செய்ததுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

எந்தத் தோல்விக்காக நாள் கேட்கிறீர்கள்?

அவர்களுடைய மூன்று ஓட்டங்களும் தோற்றிருந்தன. ஆனால் மூன்றும் ஒரே வகைத் தோல்வி அல்ல. கடிதத்தில் கை வைப்பதற்கு முன் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சில தோல்விகள் போன நாட்களைத் தின்றவை. அவற்றின் காரணம் தெரிந்து, திருத்தமும் செய்தாகிவிட்டது. வேறு சில தோல்விகள் இன்னும் திருத்தப்படாதவை, வரும் நாட்களைக் கேட்பவை. கூடுதல் அவகாசம் இரண்டாவது வகைக்கு மட்டுமே. முதல் வகையைக் கடிதத்தில் ஒரு வரிக்கு மேல் எழுதினால் அது புலம்பலாகிவிடும்.

முதல் ஓட்டம் பிப்ரவரி 24-இல் நடந்தது. இமேஜ்நெட்டில் முன்பயிற்சி பெற்ற ஒரு விஷன் டிரான்ஸ்ஃபார்மர் மாடல், 30 எபோக், அதாவது எல்லாப் பயிற்சிப் படங்களும் 30 சுற்று. தொடக்கம் முதல் முடிவு வரை, பிழையின் அளவான லாஸ் 1.61-ஐ விட்டு இறங்கவே இல்லை. அவர்கள் இதை "மாடல் கற்கவில்லை" என்று எழுதியிருந்தார்கள். அந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால் விடை அதிலேயே இருந்தது. ஐந்து வகைக்கும் சம வாய்ப்பு கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் வரும் லாஸ் `ln 5`, அதாவது 1.609. மாடல் படத்தையே பார்க்காமல் விடை சொல்லிக்கொண்டிருந்தது என்று பொருள். பத்து வகை இருந்திருந்தால் லாஸ் 2.30-இல் நின்றிருக்கும்.

காரணம் கற்றல் வீதம். வேறொரு நிரலிலிருந்து 0.01 என்ற எண்ணை அப்படியே எடுத்து ஆடம்டபிள்யூ என்ற ஆப்டிமைசருக்குக் கொடுத்துவிட்டார்கள். முன்பயிற்சி பெற்ற மாடலுக்கு அது மிக அதிகம். முதல் சில நூறு படிகளிலேயே, ஏற்கெனவே கற்றிருந்த எடைகள் சிதைந்துவிட்டன. இது ஊகம் அல்ல என்று காட்ட ஒரு சின்னச் சோதனை போதும். வெறும் 32 படங்களை எடுத்துக்கொண்டு, படத்தைத் திருப்புவது, வெட்டுவது போன்ற மாற்றங்களை எல்லாம் நிறுத்திவிட்டு, அவற்றையே 200 படிகள் திரும்பத் திரும்ப ஊட்ட வேண்டும். நிரல் சரியாக இருந்தால் மாடல் அந்த 32 படங்களையும் மனப்பாடம் செய்துவிடும், லாஸ் பூஜ்யத்தை நெருங்கும். 0.01-இல் ஓட்டியபோது 1.6-இலேயே நின்றது. 0.00005-இல் ஓட்டியபோது 0.01-க்குக் கீழே போனது. ஐந்து நிமிட வேலை. பிப்ரவரி 24-இலேயே செய்திருந்தால் இரண்டு மணி நேர ஓட்டம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது ஓட்டம் மார்ச் 2. கற்றல் வீதத்தைத் திருத்திவிட்டார்கள், லாஸ் நன்றாக இறங்கியது. பத்தொன்பதாம் எபோக்கில், இணையத்தில் ஜிபியு தரும் கூகுள் கோலாப் இணைப்பு அறுந்தது. சேமித்த மாடல்கள் `/content` என்ற அடைவில் இருந்தன. இலவசக் கோலாபில் அமர்வு முடிந்தால் அந்த அடைவும் போய்விடும். இதற்குக் கோலாபைக் குறை சொல்லிப் பயனில்லை. இலவசச் சேவை எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று கூகுளே சொல்லித்தான் தருகிறது. கூகுள் டிரைவை இணைத்து, `/content/drive/MyDrive` என்ற இடத்தில் ஒவ்வொரு எபோக்கும் சேமித்திருந்தால் பத்தொன்பதிலிருந்து தொடர்ந்திருக்கலாம். அடுத்த ஓட்டத்தில் அதைச் செய்துவிட்டார்கள். எனவே இதுவும் முடிந்த கதை.

மூன்றாவது ஓட்டம் மார்ச் 6. சரிபார்ப்புத் தொகுப்பில் இருந்த 800 படங்களில் 793 சரி, அதாவது 99.1 சதவீதம். குழு இனிப்பு வாங்கிக் கொண்டாடியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மறுநாள் ஒருவர் தன் மாமாவின் ஊர் வயலில் எடுத்து வைத்திருந்த 200 படங்களைப் போட்டுப் பார்த்தார். சரியானவை 122. 61 சதவீதம்.

நாள் கேட்க வேண்டியது இந்தத் தோல்விக்குத்தான். ஆனால் அவர்கள் கொண்டுவந்த முதல் கடிதத்தில் இது ஒரு சொல்கூட இல்லை. வெட்கப்பட்டு மறைத்துவிட்டார்கள். பதிலுக்கு ஜிபியுவைப் பற்றி எழுதினார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே எழுத வேண்டும்

99 எப்படி 61 ஆனது? பதில் படம் எடுத்த விதத்தில் இருந்தது. கைப்பேசியோடு வயலில் நிற்பவர் ஓர் இலையை ஒரே ஒருமுறை எடுப்பதில்லை. கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் சாய்த்து, எட்டுப் படம் எடுத்துவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போவார். ஆக 4,000 படம் என்பது உண்மையில் சுமார் 500 இலைதான். அந்த 4,000-ஐயும் சீட்டுக்கட்டுபோலக் கலைத்து 80-க்கு 20 என்று பிரித்தால், ஓர் இலையின் ஆறு படம் பயிற்சிக்குப் போகும், இரண்டு படம் சரிபார்ப்புக்கு வரும். மாடல் நோயைக் கற்க வேண்டியதில்லை, இலையை அடையாளம் வைத்துக்கொண்டால் போதும். தேர்வுக்கு முதல் நாளே வினாத்தாள் கையில் கிடைத்ததுபோலத்தான். இதைத் தரவுக் கசிவு என்கிறோம். இரண்டாம் எபோக்கிலேயே சரிபார்ப்புத் துல்லியம் 97-ஐத் தொட்டிருந்தது. மாணவர்கள் எடுத்த வயல் படங்களில் அது மகிழ வேண்டிய எண் அல்ல, சந்தேகப்பட வேண்டிய எண்.

இவ்வளவு தெரிந்ததும் எழுதிவிடலாம் என்று தோன்றும். நான் இன்னொரு படி போகச் சொன்னேன். 99-இலிருந்து 61 வரையான சரிவு முழுவதும் கசிவால்தானா? மாமாவின் ஊரில் வெயில் வேறு, கைப்பேசி வேறு, நெல் ரகமும் வேறாக இருக்கலாம். கசிவைச் சரிசெய்தும் 61 அங்கேயே நின்றால், கடிதத்தில் கொடுத்த வாக்கு பொய்த்துப்போகும்.

சோதித்துப் பார்க்க வழி இருந்தது. அவர்களுடைய கைப்பேசிப் படங்களின் கோப்புப் பெயரில் `IMG_20250112_101523.jpg` என்று தேதியும் நேரமும் நொடி வரை இருக்கும். அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு இடையே 20 நொடிக்கு மேல் இடைவெளி இருந்தால் புதிய இலை என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இலைக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பிறகு படவாரியாக அல்லாமல் இலைவாரியாகப் பிரித்தார்கள்:

```python
from sklearn.model_selection import StratifiedGroupKFold

sgkf = StratifiedGroupKFold(n_splits=5, shuffle=True, random_state=0)
train_idx, val_idx = next(sgkf.split(paths, labels, groups=leaf_id))
assert not set(leaf_id[train_idx]) & set(leaf_id[val_idx])
```

இதில் `leaf_id` ஒரு நம்பை வரிசையாக இருக்க வேண்டும். கடைசி வரி முக்கியம். ஒரே இலை இரண்டு பக்கமும் இருந்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

இப்படி ஓட்டியதில் சரிபார்ப்புத் துல்லியம் 83 சதவீதம் வந்தது. இப்போது கதை தெளிவாகிறது. 99-இலிருந்து 83 வரையான சரிவின் பெரும் பகுதி கசிவு. 83-இலிருந்து 61 வரையானது வயல் மாறியதால் வந்தது. முதலாவதை இந்தக் குழு சில நாளில் திருத்தலாம். இரண்டாவதைத் திருத்த வேண்டுமென்றால் பல ஊர்களில் படம் எடுக்க வேண்டும், அது அடுத்த ஆண்டு மாணவர்களுக்கான வேலை. கடிதத்தில் முதலாவதை மட்டும் வாக்குறுதியாகக் கொடுத்து, இரண்டாவதை அறிக்கையில் குறைபாடாகப் பதிவுசெய்வதாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தச் சோதனை ஓட்டத்தில் 4,000 படமும் இல்லை, 2,600 மட்டுமே இருந்தன. மீதி 1,400 படங்களை ஒரு குழு உறுப்பினர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அந்த வழியாக வரும் படத்துக்கு `IMG-20250112-WA0034.jpg` என்பதுபோல் பெயர் மாறிவிடும். தேதி இருக்கும், நேரம் இருக்காது. படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த நேரமும் வாட்ஸ்அப்பில் உதிர்ந்துவிடும். எந்தப் படம் எந்த இலை என்று கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். வயலுக்குப் போகும் குழுக்கள் படத்தைக் கேபிள் போட்டு எடுங்கள், அல்லது ஆவணமாக அனுப்புங்கள் என்று இப்போதெல்லாம் முதல் ரிவ்யூவிலேயே சொல்லிவிடுகிறேன்.

எத்தனை நாள்?

இரண்டு வாரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "ஒரு ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது சார், ஒன்பது ஓட்டம், கோலாப் ஒரு நாளைக்கு எவ்வளவு தரும் என்று தெரியாது, அதனால்..." என்றார்கள். அதனால் என்பதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அளந்துவிட்டு வரச் சொன்னேன். அளக்க இவ்வளவுதான் வேண்டும்:

```python
import time, torch

t = time.perf_counter()
for i, (x, y) in enumerate(train_loader):
    train_step(x, y)
    if i == 49:
        break
torch.cuda.synchronize()
print((time.perf_counter() - t) / 50)
```

ஒரு படிக்கு 1.8 நொடி வந்தது. பயிற்சிக்கு 3,200 படம், ஒரு படிக்கு 32 படம், ஆக எபோக்குக்கு 100 படிகள், மூன்று நிமிடம். சரிபார்ப்பு 25 படிகள், முக்கால் நிமிடம். 30 எபோக்குக்கு ஒரு மணி 52 நிமிடம். ஒன்பது ஓட்டத்துக்கு ஏறக்குறைய 17 மணி நேரம். கோலாப் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் தந்தால் நான்கைந்து நாள் ஆகும். ஆக, மாணவர்கள் சொன்னது அளவில் ஓரளவு சரிதான்.

பிறகு `train_step` வரியை எடுத்துவிட்டு அதையே மறுபடி ஓட்டச் சொன்னேன். மாடலே இல்லாமல், படத்தைப் படித்துக் கொடுக்கும் வேலை மட்டும். 1.7 நொடி! ஜிபியு பாவம், பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருந்தது. 12 மெகாபிக்சல் படத்தை ஒவ்வொரு எபோக்கிலும் முழுதாகத் திறந்து, 224-க்கு 224 ஆகச் சுருக்கும் வேலையை, இலவச அமர்வில் கிடைக்கும் இரண்டே இரண்டு சிபியு இழைகள் செய்துகொண்டிருந்தன. எல்லாப் படங்களையும் ஒரே ஒருமுறை, சிறிய பக்கம் 256 புள்ளியாக இருக்கும்படி சுருக்கிச் சேமித்துவிட்டு மீண்டும் அளந்தார்கள். ஒரு படிக்கு 0.4 நொடி. எபோக்குக்கு 50 நொடி, ஒரு ஓட்டத்துக்கு 25 நிமிடம், ஒன்பது ஓட்டமும் மூன்றே முக்கால் மணி நேரம். அதுவும் மூன்று மாடல்களில் மெதுவானதை வைத்துப் போட்ட கணக்கு.

முதல் கடிதத்தின் தலையாய காரணமான ஜிபியு சிக்கல் அத்தோடு காணாமல் போனது. ஜிபியுவைக் காரணம் காட்டும் கடிதம் வரும்போதெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: படத்தைப் படிக்க எவ்வளவு நேரம், கற்க எவ்வளவு நேரம்? பெரும்பாலும் யாரும் அளந்திருப்பதில்லை.

உண்மையில் நேரம் தேவைப்பட்டது மனித வேலைக்கு. 100 வாட்ஸ்அப் படங்களை இலைவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள், 20 நிமிடம் ஆனது. அப்படியானால் 1,400-க்கு நான்கு மணி 40 நிமிடம். ஒருவர் பிரித்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். வகுப்புகளுக்கு இடையே இரண்டு நாள் என்று வைத்தார்கள். அதன் பிறகு ஓட்டங்களுக்கு இரண்டு நாள். மூன்றே முக்கால் மணி நேர வேலைக்கு ஏன் இரண்டு நாள் என்றால், கோலாப் மீண்டும் அறுந்தால் தொடர்வதற்கான இடம் வேண்டும். அறிக்கையின் முடிவுகள் அத்தியாயத்தைத் திருப்பி எழுத இரண்டு நாள். இடையே மாதிரி ஓட்டத்துக்கு ஒரு நாள், 14-ஆம் தேதி முடிந்த பகுதிகளை ஒப்படைக்க ஒரு நாள், வேறு ஊர்ப் படச் சோதனைக்கு ஒரு நாள். எல்லாம் கூட்டினால் மார்ச் 19-இல் வேலை முடியும், ஒப்படைப்பு மார்ச் 20. இரண்டு வாரம் கேட்டவர்கள் ஆறு நாள் கேட்டார்கள்.

கடிதம்

மார்ச் 10-ஆம் தேதி அவர்கள் கொடுத்த கடிதம் கீழே. பொறியியல் கல்லூரிகளில் இது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். எந்த மொழியில் எழுதினாலும் வரிசை இதுவே. அனுப்புநர், பெறுநர், தேதி ஆகியவை உங்கள் துறை வழக்கப்படி இருக்கட்டும்.

> பொருள்: நெல் இலை நோய் புராஜெக்ட் – அறிக்கை ஒப்படைக்க மார்ச் 20 வரை அவகாசம் வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> எங்கள் புராஜெக்ட் அறிக்கையை மார்ச் 14-க்குப் பதிலாக மார்ச் 20 மாலை 4 மணிக்கு ஒப்படைக்க அனுமதி வேண்டுகிறோம்.
>
> மார்ச் 6-இல் முடிந்த ஓட்டத்தில் சரிபார்ப்புத் துல்லியம் 99.1 சதவீதம் வந்தது. வேறு ஊர் வயலின் 200 படங்களில் அதே மாடல் 122-ஐ மட்டுமே சரியாகச் சொன்னது. ஒரே இலையின் படங்கள் பயிற்சித் தொகுப்பிலும் சரிபார்ப்புத் தொகுப்பிலும் கலந்திருந்ததை இப்போது கண்டறிந்துள்ளோம். இலைவாரியாகப் பிரிக்காமல் விட்டது எங்கள் தவறு. நேரக்குறிப்பு உள்ள 2,600 படங்களை இலைவாரியாகப் பிரித்து ஓட்டியதில் துல்லியம் 83 சதவீதம். ஆகவே 99.1 என்ற முடிவை அறிக்கையில் தர இயலாது. வயல் மாறும்போது வரும் சரிவை அறிக்கையில் குறைபாடாகப் பதிவுசெய்வோம்.
>
> இதற்கு முந்தைய இரண்டு ஓட்டங்களும் தவறான கற்றல் வீதத்தாலும், மாடலை டிரைவில் சேமிக்காததாலும் வீணாயின. இரண்டும் திருத்தப்பட்டுவிட்டன.
>
> மீதமுள்ள வேலை: நேரக்குறிப்பு இல்லாத 1,400 படங்களை இலைவாரியாகப் பிரித்தல் (மார்ச் 11, 12). புதிய பிரிவைச் சரிபார்த்து ஒரு மாதிரி ஓட்டம் (மார்ச் 13). ஒன்பது ஓட்டங்கள், ஒவ்வொன்றும் அளந்தபடி 25 நிமிடம் (மார்ச் 15, 16). வேறு ஊர்ப் படங்களில் சோதனை (மார்ச் 17). முடிவுகள் அத்தியாயம் (மார்ச் 18, 19).
>
> மார்ச் 14 அன்று முதல் மூன்று அத்தியாயங்களையும், நிரலையும், இதுவரையான ஓட்டப் பதிவுகளையும் ஒப்படைத்துவிடுவோம்.
>
> அவகாசம் தர இயலாத நிலையில், 1,400 படங்களையும் விட்டுவிட்டு, 2,600 படங்களில் ஒரு மாடலின் முடிவை மட்டும் வைத்து மார்ச் 14-இலேயே அறிக்கை தருகிறோம். மாடல் ஒப்பீடு அதில் இருக்காது.
>
> ஓட்டப் பதிவின் ஒரு பக்கச் சுருக்கம் இணைக்கப்பட்டுள்ளது.
>
> இப்படிக்கு,
> (நால்வரின் கையொப்பம், பதிவெண்)

வேண்டுகோள் முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது, நாளும் மணியும் சேர்ந்து. "சில நாட்கள்" என்று எழுதினால் அதை எண்ணாக மாற்றும் வேலை என் தலையில் விழும். நானோ குறைத்துத்தான் மாற்றுவேன்.

"எங்கள் தவறு" என்ற இரண்டு சொல்லை வைக்கப் பலர் தயங்குகிறார்கள். தவறு யாருடையது என்பது பதிவைப் பார்த்தால் எனக்கே தெரிந்துவிடும். தாங்களே சொல்லிவிட்டால், கண்டுபிடித்தவர்களும் அவர்களே என்ற நன்மதிப்பு சேர்ந்துகொள்கிறது. வைவாவில் வெளித்தேர்வாளர் "99 சதவீதமா?" என்று கேட்டுக் கிளறியிருந்தால் நிலைமை வேறு.

அவகாசம் கிடைக்காவிட்டால் என்ன செய்வோம் என்ற பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதை எழுதினால் "அப்படியே கொடுங்கள்" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். நடப்பது நேர்மாறு. ஆறு நாள் கொடுத்தால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதை அந்தப் பத்திதான் எனக்குக் காட்டுகிறது: 1,400 படங்களும் மூன்று மாடல் ஒப்பீடும். அது ஆறு நாளுக்குத் தகுந்ததா என்று நான் முடிவெடுக்கலாம்.

நால்வரும் கையெழுத்திட வேண்டும். கோலாப் கணக்கு ஒருவருடையது, நிரல் எழுதியவர் ஒருவர் என்பதால் அவர் மட்டும் கையெழுத்திட்டுக் கொண்டுவருவதைப் பார்க்கிறேன். மற்ற மூவருக்கும் புதிய தேதி தெரியுமா என்றே தெரியாது.

இணைப்பைப் பற்றிக் கொஞ்சம். நாற்பது திரைப்பிடிப்புகள் வேண்டாம், முழு நோட்புக்கும் வேண்டாம். ஒரு பக்கத்தில் ஓர் அட்டவணை: ஓட்டத்தின் தேதி, மாடல், கற்றல் வீதம், எந்தப் பிரிவு, எத்தனை எபோக் ஓடியது, இறுதி லாஸ், துல்லியம், நின்ற காரணம். தோற்ற ஓட்டங்களும் அதில் இருக்க வேண்டும். பதிவே எழுதி வைக்கவில்லையென்றால், நினைவிலிருந்து எண்களை நிரப்பாதீர்கள். அந்தக் கட்டத்தில் "பதிவு இல்லை" என்று எழுதுங்கள். நான் பதிவுக் கோப்பைக் கேட்கும்போது எண் பொருந்தவில்லையென்றால் மற்ற எண்களின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

எப்போது கொடுப்பது? காரணம் தெரிந்த மறுநாள், கெடுவுக்குக் குறைந்தது மூன்று வேலைநாள் முன்பு. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு நேரில் போய் ஐந்து நிமிடம் பேசிவிட்டுக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. பேசும்போதே "அந்தத் தேதி முடியாது, இந்தத் தேதி வேண்டுமானால்" என்று தெரிந்துவிடும், கடிதத்தைத் திருத்திக் கொடுக்கலாம். வழிகாட்டியால் எதை நகர்த்த முடியும் என்பதையும் முன்னதாகத் தெரிந்துகொள்ளுங்கள். துறைக்குள் நடக்கும் ரிவ்யூ, அறிக்கை வரைவு ஆகியவற்றைத் துறைத்தலைவரிடம் பேசி நகர்த்தலாம். வெளித்தேர்வாளர் வரும் வைவா தேதி அவர் கையில் இல்லை. அதை நகர்த்தக் கேட்பது இருவருக்கும் சங்கடம்.

அனுமதி கிடைத்த பிறகு

கடிதத்தில் எழுதிய அட்டவணையே இனி உங்கள் ஒப்பந்தம். எந்த நாள் வழுக்கினாலும் அன்றே இரண்டு வரி எழுதிவிடுங்கள். இந்தக் குழுவில் வாட்ஸ்அப் படங்களைப் பிரிக்க இரண்டு நாளுக்குப் பதில் மூன்று நாள் ஆனது, காரணம் 1,400-இல் 90 படம் எந்த இலை என்று இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. மார்ச் 12 இரவே செய்தி வந்தது: "90 படங்களை நீக்கிவிடலாமா ஐயா?" நீக்குங்கள், நீக்கியதை அறிக்கையில் எழுதுங்கள் என்றேன். 20-ஆம் தேதி காலையில் தெரிந்திருந்தால் என்னால் உதவியிருக்க முடியாது.

நான் மாலை 4 மணிக்குப் பதில் காலை 10 மணி என்று திருத்திக் கையெழுத்திட்டேன். அன்று மதியம் அறிக்கைப் பட்டியலைத் துறை அலுவலகத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் எழுதினேன்: முடிவுகள் அட்டவணையில் 99.1-உம் இருக்க வேண்டும், பக்கத்தில் "படவாரிப் பிரிவு, கசிவு உள்ளது" என்ற குறிப்போடு, அதற்குக் கீழே இலைவாரிப் பிரிவின் எண். 20-ஆம் தேதி காலை ஒன்பதரைக்கு நால்வரும் வந்து நின்றார்கள், அறிக்கையின் பைண்டிங் பசை இன்னும் காயவில்லை.